கொலுவுக்கு முன்னே தொடங்கிய தீபாவளிக் கணக்கு: குரோஷா தோரணம் விற்றுப் பார்த்த அனுபவம்

காட்பாடி காந்தி நகரில் வீட்டில் உட்கார்ந்து குரோஷா ஊசியில் மாவிலைத் தோரணம் பின்னி, கைவினைப் பொருள்களுக்கான எட்ஸி இணையச் சந்தையில் விற்கிறேன். ஆரஞ்சு, மஞ்சள் நூலில் சாமந்திப் பூ, பச்சையில் மாவிலை, நடுவில் கோர்க்க வெள்ளைக் கயிறு. வேலை முடிந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிடைக்கும். 2023 தீபாவளிக்கு ஒன்பதுதான் விற்றது. அடுத்த வருடம் என்ன மாற்றினேன், எது பலித்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

2023இல் தீபாவளி நவம்பர் 12. நான் அக்டோபர் 20 அன்றுதான் உட்கார்ந்து தலைப்பிலும் தேடுசொற்களிலும் தீபாவளியைச் சேர்த்தேன். பண்டிகைக்கு இன்னும் 23 நாள் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். ஆனால் என் பார்சல் அமெரிக்கா போய்ச் சேர மூன்று வாரம் ஆகிறது. அதாவது நான் கடையை அலங்கரித்த அன்றைக்கே அமெரிக்க வாடிக்கையாளருக்கு நேரம் முடிந்திருந்தது. வந்து பார்த்தவர்கள் பக்கத்தில் தெரிந்த டெலிவரி தேதியைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31, பன்னிரண்டு நாள் முன்னால். அதனால் போன வருடக் குறிப்பில் இருந்த தேதிகள் எதுவுமே பயன்படாது. கிறிஸ்துமஸுக்கு விற்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, நமக்கு உண்டு. நோட்டில் இருந்த தேதிகளை அடித்துவிட்டு ‘பண்டிகைக்கு இத்தனை நாள் முன்’ என்று மாற்றி எழுதினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: போன வருட அக்டோபர் 20 என்பது இந்த வருடம் அக்டோபர் 8.

பிறகு பின்னாலிருந்து எண்ணினேன். அமெரிக்காவுக்கு அஞ்சலில் 21 நாள், பேக் செய்து தபாலில் சேர்க்க 3 நாள், தாமதத்துக்கு 3 நாள். அக்டோபர் 4க்கு மேல் அங்கிருந்து வரும் ஆர்டருக்கு நம்பிக்கை கொடுக்க முடியாது. சிங்கப்பூருக்கு எனக்குப் பன்னிரண்டு நாளில் போய்விடுகிறது, அதனால் அக்டோபர் 13 வரை இழுக்கலாம். இந்த நாள்கள் என் பழைய பார்சல்களின் டிராக்கிங்கைப் பார்த்து எடுத்தவை. அவரவர் தங்கள் பார்சலைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். இதையே ஷிப்பிங் விவரத்திலும் உண்மையாகப் போட்டேன். நாம் போடும் தயாரிப்பு நாளையும் அனுப்பும் நாளையும் கூட்டித்தான் வாங்குபவருக்குத் தேதி காட்டுகிறார்கள். ஆசைக்காக அங்கே குறைத்துப் போட்டால் நவம்பரில் திட்டு வாங்க வேண்டியதுதான்.

அடுத்தது தேடுசொல். ஒரு பொருளுக்கு 13 டேக் போடலாம், ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். என் பழைய பட்டியலில் `handmade`, `orange`, `yarn` என்று ஒற்றைச் சொற்களாகக் கிடந்தன. `orange` என்று தேடி யாராவது தோரணம் வாங்குவார்களா? கடையின் புள்ளிவிவரப் பக்கத்தில் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டும். அதில் `mango leaf toran` வழியாக வந்தவர்கள்தான் அதிகம் வாங்கியிருந்தார்கள். அதை அப்படியே விட்டேன். புதுப்பிக்கும் ஆர்வத்தில், காசு கொண்டுவரும் சொல்லையும் தூக்கிவிடக் கூடாது.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவிடம் பேசியதில்தான் பெரிய திறப்பு கிடைத்தது. “என்னடி, எல்லாத்துலயும் `diwali`ன்னே போட்டிருக்கே? இங்க பஸ்ல, கடையில, எல்லாம் `deepavali`தான். நானே அப்படித்தான் தேடுவேன்” என்றாள். கூகுள் டிரெண்ட்ஸில் நாடு நாடாக மாற்றிப் பார்த்தேன். அமெரிக்காவில் `diwali`தான் ஓங்கி நிற்கிறது, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் `deepavali`. ஒரே பண்டிகை, ஆனால் இரண்டு கூட்டம். பொருளின் பெயரும் இப்படித்தான். நமக்குத் தோரணம், குஜராத்தி, மராத்திக்காரர்களுக்கு `toran`, இந்தி பேசுபவர்களில் பலருக்கு `bandhanwar`. கடைசியில் வைத்த பட்டியல் இது:

```
diwali door hanging
diwali hostess gift
deepavali decoration
deepavali gift
mango leaf toran
marigold garland
crochet thoranam
bandhanwar decor
pooja room decor
griha pravesh gift
indian housewarming
indian wedding decor
desi home decor
```

இதில் `deepavali decoration` சரியாக 20 எழுத்து. கடைசியில் இருக்கும் கிரகப்பிரவேசம், கல்யாணச் சொற்களைப் பண்டிகைக்காக நீக்கவில்லை. தீபாவளி தேதி கடந்த பிறகும் பொருளை உயிரோடு வைத்திருப்பவை அவைதான். இதையெல்லாம் ஆகஸ்ட் 12 அன்று மாற்றினேன், அப்புறம் மூன்று வாரம் கைவைக்கவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் எந்தச் சொல் வேலை செய்தது என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

ஆகஸ்ட் கடைசியில் எதிர்பாராத சொல் ஒன்று கண்ணில் பட்டது: `golu return gift`. யாரோ இருவர் அப்படித் தேடி என் கடைக்கு வந்து வாங்காமல் போயிருந்தார்கள். 2024இல் நவராத்திரி அக்டோபர் 3 தொடங்கியது, தீபாவளிக்கு நான்கு வாரம் முன். வெளிநாட்டில் கொலு வைக்கும் நம் பெண்கள் வெற்றிலை பாக்கோடு கொடுக்கச் சின்னப் பொருளைப் பதினைந்து, இருபது என்று மொத்தமாகத் தேடுகிறார்கள். அவர்களுக்கு நாற்பது அங்குலத் தோரணம் எதற்கு? ஒரு பூ, இரண்டு இலை, மேலே ஒரு வளையம் என்று பூஜை அலமாரியில் மாட்டும் அளவில் சின்னது செய்தேன். ஒன்று செய்ய முக்கால் மணிக்கும் குறைவு. பத்து சேர்ந்த கட்டாகத் தனிப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு டேக் போடும்போது `navaratri return gift` 21 எழுத்தாகி நுழையவில்லை, `navratri return gift` 20இல் நுழைந்தது. நம் உச்சரிப்புக்கு முதலாவதுதான் சரி, ஆனால் இடம் இல்லை.

அப்புறம் பரிசு என்ற கோணம். தலைப்பில் ‘கிஃப்ட்’ என்று சேர்த்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வந்த கேள்விகள் வேறு சொன்னது. தன் வீட்டுக்கு வாங்குபவர் கதவை அளந்துவிட்டு வருகிறார். பரிசு வாங்குபவருக்குத் தோழி வீட்டுக் கதவின் அகலம் எப்படித் தெரியும்? என் பக்கத்தில் 36, 40, 48 அங்குலம் என்று மூன்று அளவு இருந்தது. அங்கேயே அவர்கள் நின்றுவிட்டார்கள். அமெரிக்க வீடுகளில் வாசல் கதவு பெரும்பாலும் 36 அங்குல அகலம். அதனால் பரிசுப் பக்கத்தில் ஒரே அளவு வைத்தேன்: 40 அங்குலம், இரண்டு முனையிலும் ஓரடி கூடுதல் கயிறு, பூவும் இலையும் கயிற்றில் நகரும்படி தளர்வான கோர்ப்பு. சின்னக் கதவானால் நெருக்கிக்கொள்ளலாம், பெரிதானால் பரப்பிக்கொள்ளலாம். ‘எந்தக் கதவுக்கும் பொருந்தும்’ என்று எழுத அப்போதுதான் எனக்கு உரிமை வந்தது.

முதல் படத்தையும் மாற்றினேன். கதவில் தொங்கும் படம் இரண்டாவதாகப் போனது. முதலில், மடித்துப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு அகல் விளக்கும் வாழ்த்து அட்டையும் இருக்கும் படம். பெட்டிக்குள் எப்படி மாட்டுவது என்று நாலு வரிச் சீட்டு. பெறுபவர் இந்தியர் அல்லாத அக்கம்பக்கத்தவராகவும் இருக்கலாம் என்பதால், மாவிலையை ஏன் வாசலில் கட்டுகிறோம் என்று இரண்டு வரியும் சேர்த்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாங்குபவர் மனதைக் குளிரவைக்க முடியவில்லை. பரிசு என்று குறித்த ஆர்டரில் உள்ளே வைக்கும் சீட்டில் விலை வராது. ஆனால் பார்சலின் மேலே ஒட்டும் சுங்கப் படிவத்தில் மதிப்பை எழுதியே ஆக வேண்டும். நேராகத் தோழிக்கே அனுப்பச் சொன்ன ஒரு அம்மா, “கிஃப்ட்னு டிக் பண்ணி விலையைக் குறைச்சுப் போடுங்களேன்” என்று கேட்டார். அவர்களுக்குத்தான் அது பரிசு, எனக்கு அது விற்ற சரக்கு. படிவத்தில் விற்பனைப் பொருள் என்றுதான் குறிக்க வேண்டும், விலையும் உண்மையானதுதான். இதைப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். விலை தெரிய வேண்டாம் என்றால் தன் முகவரிக்கு வரவழைத்துக் கையால் கொடுக்கச் சொல்கிறேன்.

இனி சரக்கு. ஒரு தோரணத்துக்கு 9 பூ, 8 இலை. பூவுக்கு 12 நிமிடம், இலைக்கு 8 நிமிடம், கோர்க்க அரை மணி, ஆக மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். வாரத்துக்குப் பதினாலு மணி நேரத்தில் நாலுதான் முடியும். 40 வேண்டுமென்றால் பத்து வாரம். எனவே ஜூலை முதல் வாரமே தொடங்கினேன். முழுத் தோரணமாக அடுக்கவில்லை. பூவும் இலையும் தனித்தனி டப்பாவில் சேர்த்தேன். ஆர்டர் வந்த அன்று அவர்கள் கேட்ட நிறத்தில் கோர்த்தால் அரை மணி வேலை. எந்த நிறம் ஓடும் என்று ஜூலையில் ஊகிக்கத் தேவையில்லை, அதே பூ கொலுக் கட்டுக்கும் போகும்.

நூலில்தான் சறுக்கினேன். பூ ஒன்றுக்கு 6 கிராம், அதாவது 40 தோரணத்துக்குப் பூ நூல் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். பணத்தை மொத்தமாகப் போட மனமில்லாமல் பாதியை வாங்கிவிட்டு, செப்டம்பரில் மீதியை வாங்கினேன். அதே கம்பெனி, அதே நிற எண். வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. கோர்த்து மாடியில் வெயிலில் படம் எடுத்தபோது நாலு பூ செங்கல் நிறத்துக்குச் சாய்ந்து நின்றது. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் சாயத் தொகுதி எண் வேறு. அந்தப் பூக்களைப் பழையதோடு கலக்காமல் தனித் தோரணங்களாகவே கோர்த்தேன். இப்போது நூல் வாங்கும்போது பருவத்துக்கு வேண்டியது முழுக்க ஒரே தொகுதி எண்ணில் வாங்குகிறேன். லேபிளை டப்பா மூடியில் ஒட்டி வைக்கிறேன்.

கடையில் காட்டும் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். அது பூஜ்யமானால் பக்கம் தேடலிலிருந்து மறைந்துவிடும். டப்பாவில் இருக்கும் பூவை ஒன்பதால் வகுத்து, இரண்டு கழித்து, ஞாயிறுதோறும் எண்ணைப் புதுப்பித்தேன். அந்த இரண்டு, பழுதுக்கும் தொலைந்துபோகும் பார்சலுக்கும்.

அக்டோபர் 5 அன்று ‘தீபாவளிக்குள் வந்து சேரும்’ என்ற வாக்கியத்தை அமெரிக்காவுக்கு எடுத்துவிட்டு, சிங்கப்பூர், மலேசியாவுக்கு மட்டும் வைத்தேன். 14ஆம் தேதி அதையும் எடுத்து, தலைப்பின் முன்பகுதிக்குக் கிரகப்பிரவேசத்தைக் கொண்டுவந்தேன். பெட்டிப் படம் அப்படியே இருக்கிறது, வாழ்த்து அட்டையை மட்டும் மாற்றி எடுத்தேன்.

தோரணம் 34, கொலுக் கட்டு 5 போனது. தோரணத்தில் 11 சிங்கப்பூர், மலேசியாவுக்கு. முந்தைய வருடம் அந்தப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. கொலுக் கட்டு ஐந்தும் செப்டம்பர் 10க்குள் வந்த ஆர்டர். அதற்குப் பிறகு கேட்ட மூன்று பேருக்கு நவராத்திரிக்குள் சேராது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தை ஜூலையிலேயே போட்டிருக்க வேண்டும். டப்பாவில் 52 பூ மீதி இருக்கிறது, எல்லாம் அந்த இரண்டாவது தொகுதி ஆரஞ்சு.