நெட்டோட போடச் சொல்லவா?

"தொண்டியில நெட்டோட போடச் சொல்லவா தம்பி, நெட் இல்லாமலா?"

மண்டபத்தில் கடல்பாசிக் கணக்கு பார்க்கும் அக்கா, தொண்டி லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லும் முன் கேட்டது இவ்வளவுதான். உச்சிப்புளி தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். "நெட்டோடதான்க்கா, நெட் இருந்தாத்தானே பைல் வரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அரை நிமிடம்கூட இருக்காது. இத்தனை மாதம் கழித்தும் அந்த அரை நிமிடம் எனக்குச் செரிக்கவில்லை.

பைல் என்பது அந்தப் பாசிக் கணக்கு. கடலில் பாசி வளர்க்கும் எந்தத் தெப்பம் யாருடையது, 45 நாள் கழித்து அறுத்துக் காயவைத்ததில் எத்தனை கிலோ எடை போட்டார்கள், எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே எக்செல் பைலில் இருந்தது. மண்டபம் கொள்முதல் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், தொண்டியில் ஒரு பழைய லேப்டாப். இரண்டிலும் ஒரே பைல் இருக்க வேண்டும் என்று சின்க்திங் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது நான்தான். மண்டபத்தில் யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். வாடைக்காற்றில் கரண்ட் போனது. அக்கா சேவ் கொடுத்து முடித்த சில நொடிக்குள் போயிருக்கிறது. கரண்ட் வந்ததும் பைலைத் திறந்தால் வடிவம் சரியில்லை என்று எக்செல் மறுக்கிறது.

"பைல் இருக்கு தம்பி, 48 கேபின்னு காட்டுது, ஆனா திறக்க மாட்டேங்குது" என்றார். அந்த 48 கேபியில்தான் நான் ஏமாந்தேன். அளவு 0 என்று காட்டியிருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அப்போதே புரிந்திருக்கும். 48 கேபி என்றதும் ஏதோ சின்னக் கோளாறு, தொண்டி காப்பி வந்தால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் பவர்ஷெல்லில் பைலின் பைட்டுகளைப் பார்த்தேன்:

```
Format-Hex .\paasi.xlsx | Select-Object -First 3
```

நல்ல எக்செல் பைல் என்றால் முதல் நான்கு பைட் `50 4B 03 04` என்று இருக்கும். xlsx என்பது உண்மையில் ஒரு ஜிப் பைல். இது ஜிப்பின் தொடக்கக் குறி. இந்தப் பைலில் `00 00 00 00`. `-First 3` பகுதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிக் கடைசிவரை உருட்டிப் பார்த்தேன், எல்லாமே சைபர்.

இது எப்படி நடக்கிறது என்றால், சேவ் கொடுத்ததும் டேட்டா நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. கொஞ்ச நேரம் மெமரியில் நிற்கும். பைலின் பெயர், அளவு, அது டிஸ்க்கில் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்ற விவரங்களை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பதிவேட்டில் எழுதிக் காப்பாற்றும். உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு அந்தக் காவல் கிடையாது. நடுவில் கரண்ட் போனால் பெயரும் அளவும் பிழைத்துக்கொள்ளும், டேட்டா மெமரியோடு போய்விடும். எழுதப்படாத அந்த இடத்தைப் படித்தால் சைபராகத்தான் வரும். இப்படிப்பட்ட பைலில் ரிப்பேர் செய்ய எதுவும் இல்லை. எக்செலின் 'திறந்து சரிசெய்' எத்தனை முறை அழுத்தினாலும் பயன் கிடையாது. வேறெங்காவது இருக்கிற காப்பியைத்தான் தேட வேண்டும். அந்தக் காப்பி தொண்டியில் இருந்தது, நான் வாய் திறக்கும்வரை.

தொண்டி லேப்டாப் ஐந்து நாளாக மூடிக்கிடந்தது. அதில் ஐந்து நாள் பழைய, முழுசான, நல்ல பைல். மண்டபம் கம்ப்யூட்டர் திரும்ப எழுந்ததும் சின்க்திங் போல்டரைச் சோதித்திருக்கிறது. paasi.xlsx மாறியிருக்கிறது, எனவே இதுதான் புதுசு என்று குறித்துக்கொண்டது. அது செய்தது தப்பில்லை. யாரோ திருத்தினார்களா, கரண்ட் போய்க் கெட்டதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. தொண்டியில் ஹாட்ஸ்பாட்டோடு ஆன் செய்தார்கள். ஒரு நிமிடத்தில் 48 கேபி சைபர் இறங்கி, நல்ல பைலின் மேல் உட்கார்ந்துகொண்டது. பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டு, "அங்கயும் திறக்கலையாம் தம்பி" என்றார்.

ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு லேப்டாப்பை ஆன் பண்ணச் சொல்லியிருக்க வேண்டும். பைலை பென்டிரைவில் போட்டு எடுத்துவிட்டு, அதன்பிறகு நெட்டைக் கொடுத்திருக்க வேண்டும். மொத்தம் மூன்று நிமிட வேலை.

எனக்காக நானே பேசிப் பார்ப்பதுண்டு. இரண்டு வருடமாக அக்காவிடம் "நெட்டைப் போடுங்க, தானா வந்துரும்" என்றுதான் சொல்லிவந்தேன், ஒவ்வொரு முறையும் வந்தது. பழக்கத்தில் வந்த பதில். கெட்ட பைலும் அதே வழியில் தானாக வரும் என்று தெரியாதவன் இல்லை நான். தெரிந்தும் சொன்னேன். ஆனால் அக்கா கேட்டார். பழக்கத்தில் சொன்னேன் என்ற சமாதானம் அங்கேதான் நிற்க மாட்டேன் என்கிறது. பின்னால் ஒருநாள் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். "இங்க இருக்கறது கெட்டுப்போச்சு, அது அங்கயும் போயிருமோன்னு நினைச்சேன்" என்றார். என் வேலையை அவர் செய்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

பழைய பதிப்பைச் சேமித்து வைக்கும் வசதி சின்க்திங்கில் உண்டு, அதை நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். போட்டும் இருந்தேன், மண்டபத்தில் மட்டும். முக்கியமான கம்ப்யூட்டர் அதுதானே என்று நினைத்தேன். அந்த வசதி வெளியிலிருந்து வரும் மாற்றம் ஒரு பைலை மாற்றும்போதுதான் பழையதை `.stversions` போல்டரில் எடுத்து வைக்கும். அதே கம்ப்யூட்டரில் நாம் செய்யும் திருத்தத்துக்கு வைக்காது. எனவே மண்டபத்தில் கெடும் பைலைக் காப்பாற்ற தொண்டியில்தான் அதைப் போட்டிருக்க வேண்டும். மண்டபத்தின் `.stversions`-இல் கிடைத்தது தொண்டியிலிருந்து கடைசியாகத் திருத்தம் வந்த அன்று ஒதுங்கிய காப்பி. 19 நாள் பழசு.

கூகுள் டிரைவில் வைத்திருந்தால் 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை பின்னால் போய் எடுத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எடுத்திருக்கலாம். கரையோரத்தில் கிடைக்கிற நெட்டை நினைத்துத்தான் அதை அன்று வேண்டாம் என்றேன். அது சரியான முடிவா என்று இப்போது கேட்டால் ஒரு நாள் ஆமாம் என்கிறேன், ஒரு நாள் இல்லை என்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். "அங்கயும் திறக்கலையாம்" என்றதும், லேப்டாப்பை உடனே அணைத்து அப்படியே வைக்கச் சொன்னேன். சின்க்திங் புதுசை இறக்கிப் பழையதின் இடத்தில் பெயர் மாற்றி வைக்கிறது. பழைய டேட்டா டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், ஆனால் அந்த இடம் காலி என்று கணக்காகிவிடும். விண்டோஸ் அடுத்து எழுதுகிற எதுவும் அதன்மேல் விழலாம். அதில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் நம்பிக்கை இருந்தது. எஸ்எஸ்டி என்றால் காலியான இடத்தை அதுவே துடைத்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

மறுநாள் தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போனேன். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி வழியாக என் லேப்டாப்பில் மாட்டி, மைக்ரோசாஃப்டின் மீட்புக் கட்டளையை ஓட்டினேன். மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதக்கூடாது என்பதால் வேறு டிரைவைக் கொடுத்தேன்:

```
winfr F: D: /extensive /n *.xlsx
```

கிடைத்தவற்றில் ஒன்று `50 4B` என்று தொடங்கியது, ஆனால் எக்செல் திறக்கவில்லை. பைலின் வால் பகுதியில் வேறெதோ எழுதப்பட்டிருந்தது. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கும், அது போய்விட்டது. 7-ஜிப்பில் திறந்தபோது பிழை காட்டினாலும் முன்பகுதியைப் பிரித்துக் கொடுத்தது. அதிலிருந்து `sheet1.xml` முழுசாக வந்தது. திறந்து பார்த்தால் இப்படி இருந்தது:

```
<c r="B61" t="s"><v>53</v></c><c r="D61"><v>31</v></c>
<c r="B62" t="s"><v>54</v></c><c r="D62"><v>23.5</v></c>
```

31 என்பது கிலோ. 53 என்பது ஒரு பெண்ணின் பெயர். எக்செல் எழுத்துகளை ஷீட்டுக்குள் வைப்பதில்லை. `sharedStrings.xml` என்ற தனிப் பைலில் 0, 1, 2 என்று வரிசையாக அடுக்கிவிட்டு, ஷீட்டில் வரிசை எண்ணை மட்டும் போடும். அந்தப் பைல் ஷீட்டுக்குப் பின்னால் இருப்பது. வாலோடு சேர்ந்து போய்விட்டது. எடை எல்லாம் வந்துவிட்டது, ஆள் யார் என்பது வரவில்லை.

அங்கேதான் 19 நாள் பழைய காப்பி உதவியது. அதன் பெயர்ப் பட்டியல் 0 முதல் 52 வரை இருந்தது. புதுப் பெயர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் சேரும் என்பதால் பழைய எண்களுக்குப் பழைய பெயரைப் பொருத்தினேன். அதை அப்படியே நம்பாமல், அக்காவை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். "ஆமா, அவளுக்கு நாலு தெப்பம், சரியா இருக்கும்" என்று தெப்பக் கணக்கை வைத்தே ஒத்துக்கொண்டு வந்தார். கடைசி ஐந்து நாள் கணக்கு எந்தப் பைலிலும் இல்லை. எடைச் சீட்டு வைத்திருந்தவர்களிடம் வாங்கி ஏற்றினோம்.

மிச்சம் நின்றது 53-ம் 54-ம். இடையில் சேர்ந்த இரண்டு பேர். ஒருவருக்கு 31 கிலோ, இன்னொருவருக்கு 23.5. யாருக்கு எது என்று பைலில் இல்லை. இரண்டு பேருமே சீட்டை வைத்திருக்கவில்லை. அன்று யார் முதலில் எடை போட்டார்கள் என்பது அக்காவுக்கும் ஞாபகம் இல்லை. இளையவள் 31 தன்னுடையது என்றாள். பெரியவரைக் கேட்டோம்.

"கம்ப்யூட்டர்ல எழுதுனது நீங்கதான, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

31-ஐ இளையவள் பெயரில் போட்டோம். அக்கா போடச் சொன்னார், நான் போட்டேன். ஏழரைக் கிலோ வித்தியாசம். இரண்டு பேருக்கும் 31 என்றே போட்டுவிடலாம், அந்த ஏழரைக் கிலோவுக்கு நான் தருகிறேன் என்று அன்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கணக்கில் இல்லாத பணம் கணக்கைக் கெடுக்கும் என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பெரியவர் போன மாதமும் எடை போட வந்தார். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.