இட்லி வண்டியும் காலர் மைக்கும்

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றிவிடும். லாட்ஜுகளில் தங்கியிருக்கும் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் காலையிலேயே ரத்தப் பரிசோதனைக்கும் டோக்கனுக்கும் போகவேண்டியவர்கள். அவர்களை நம்பித்தான் தள்ளுவண்டி இட்லிக் கடைகள். அப்படி ஒரு கடை நடத்தும் அக்காவோடு விடியலிலிருந்து கடை கட்டும்வரை இருந்து ஆவணப்படம் எடுக்கிறோம், பின்னணிக் குரல் கிடையாது, இசை கிடையாது, அங்கே கேட்கிற ஒலி மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டால், வேலையில் பாதிக்குமேல் ஒலியைப் பற்றியதாகிவிடும். சம்மதமும் அப்படித்தான். “படம் எடுத்துக்கோங்க” என்று அவர் சொல்வது கேமராவுக்கு. காலர் மைக்குக்குத் தனியாகக் கேட்கவேண்டும்.

காரணம் எளிது. கேமரா எங்கே திரும்பியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மைக் எவ்வளவு கேட்கிறது என்று தெரியாது. இதற்கு வாய் விளக்கம் போதாது. முந்தின நாள் மைக்கை மாட்டி, ஹெட்போனை அவர் காதில் வைத்து, யாரையாவது அடுத்த வண்டியருகே நின்று மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். “இன்னாங்க, அவ்ளோ தூரத்துல பேசறதுகூட கேக்குதே!” என்பார். அதற்குப் பிறகு வரும் சம்மதம்தான் சம்மதம். அப்போதே டிரான்ஸ்மிட்டரில் ஒலியை நிறுத்தும் பொத்தானையும் காட்டி, அவரே இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்க்கட்டும். வட்டிக்காரர் வரும்போதோ வீட்டிலிருந்து போன் வரும்போதோ நம்மிடம் கேட்காமலே நிறுத்திக்கொள்ளலாம். எழுதிய தாளைக் கையெழுத்துக்கு நீட்டுவதற்கு முன் முழுக்கப் படித்துக் காட்டவேண்டும். யூடியூபில் போட்டபின் நாம் நீக்கினாலும், பிறர் எடுத்துவைத்த பிரதிகளைத் திரும்ப எடுப்பது நம் கையில் இல்லை என்ற வரி அதில் கட்டாயம் இருக்கவேண்டும்.

பணத்தையும் முந்தின நாளே பேசிவிடவேண்டும். நாம் நிற்பதால் வியாபாரம் குறையும் என்பது நிச்சயம். வண்டியின் முன்பக்கம் நாலைந்து பேர் நிற்கும் இடம்தான். அதில் இரண்டு பேர் கருவிகளோடு நின்றால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்த இழப்புக்கு ஒரு தொகை பேசிக் கொடுப்பது நியாயம். அவர் என்ன பேசினார், என்ன காட்டினார் என்பதோடு அந்தத் தொகையை முடிச்சுப் போடக்கூடாது.

மைக் மாட்டுவதற்குக் குழுவில் ஒரு பெண் இருப்பது அவசியம். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, ரவிக்கையின் கழுத்து ஓரத்தில் பொருத்தினால் குரல் நன்றாக வரும். ஆனால் இட்லிப் பானைக்குக் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் தாலிச் சங்கிலி ஊசலாடி மைக்கில் இடிக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை என்றால் முந்தானை உரசும் சத்தம் வேறு. ஆகவே சங்கிலி ஆடும் இடத்திலிருந்து தள்ளி, கரண்டி பிடிக்காத கைப்பக்கமாக மைக்கை நகர்த்தி, ஒயரை உள்பக்கம் சிறு வளையமாக விட்டு டேப் ஒட்டவேண்டும். பிறகு அவரை ஒரு தட்டு இட்லி எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நின்றபடி பேசவைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல.

ஒலி அளவைத் தானியங்கியில் விடாதீர்கள். கேஸ் அடுப்பின் ‘உஸ்ஸ்’ இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பேசாத நேரத்தில் தானியங்கி அந்தச் சத்தத்தைத் தூக்கிவிடும். பேச்சு வந்ததும் அமுக்கும். கேட்டால் அடுப்பு மூச்சு வாங்குவதுபோல இருக்கும், பிறகு சரிசெய்யவும் முடியாது. கையால் வைத்து, சாதாரணப் பேச்சு –12 டெசிபல் அருகே நிற்கும்படி விட்டால் போதும்.

படத்தொகுப்பில்தான் பெரிய சிக்கல் தெரியும். எதிர் டீக்கடையில் பாட்டு ஓடுகிறது. இட்லி ஊற்றுவதை ஒரு ஷாட், ஆவி வருவதை இன்னொரு ஷாட், துணியிலிருந்து பெயர்ப்பதை மூன்றாவது ஷாட் என்று எடுத்து ஒட்டினால் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் பாட்டு தாவும். கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது. அதோடு அந்தப் பாட்டுக்கு இணையத்தில் உரிமைக் கோரிக்கையும் வரும். டீக்கடைக்காரரை நிறுத்தச் சொன்னால் அந்தத் தெருவின் காலையே மாறிவிடும்.

இதற்கு வழி, ஓர் ஈடு இட்லியைத் தொடர்ச்சியாக ஒலிப்பதிவு செய்வது. மாவு ஊற்றுவதிலிருந்து எடுத்து அடுக்குவதுவரை பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆகும். தனி ரெக்கார்டரை வண்டிச் சட்டத்தில் படாமல் (பட்டால் தட்டுகள் வைக்கும் அதிர்வெல்லாம் இடியாக விழும்) ஒரு ஸ்டாண்டில் வைத்து, நடுவில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். டீக்கடையில் பாட்டு இல்லாத ஈடு ஒன்று எப்படியும் வாய்க்கும். தட்டு மோதும் ஓசை, துணியில் தண்ணீர் தெளித்ததும் வரும் சின்னச் சீறல், மூடி விழும் சத்தம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த ஒலித்தடத்தை முதலில் விரித்துவிட்டு, மற்ற ஈடுகளில் எடுத்த காட்சிகளை அதன்மேல் அடுக்கலாம். உதடு தெரியும் காட்சியை மட்டும் அப்படி மாற்றி வைக்கமுடியாது. பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, முதல் பஸ் ஹாரன் ஆகியவற்றை நேரம் மாற்றி வைக்கவும் கூடாது. வெயில் ஏறிய காட்சியில் விடியற்காலை பாங்கு கேட்டால் ஊர்க்காரர் சிரிப்பார். மற்ற காட்சிகளையும் நம்பமாட்டார்.

படத்தில் கவனிக்கவேண்டியவை குறைவு. டியூப்லைட் மினுங்காமலிருக்க 25 பிரேமில் ஷட்டர் 1/50. ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக ஆவிக்கு அருகே கொண்டுபோனால் லென்ஸ் பனித்துவிடும், அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சிலிண்டர் பிரேமில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் இருப்பது வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் என்றால், வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. நம் படமே அவருக்கு எதிரான சாட்சியாகும். அதிகாரியோ வேறு யாரோ காசு வாங்கும் காட்சியும் அதே வகை. 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் விற்பனைச் சான்றிதழ் தருகிறது என்றாலும், அது கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கேமரா முன் கேட்கவேண்டியதில்லை.

வாங்க வருபவர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. “இங்கே படப்பிடிப்பு நடக்கிறது, உங்கள் குரலும் பதிவாகும்” என்ற அறிவிப்பைத் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வண்டியில் மாட்டுங்கள். அது போதாது. மருத்துவமனை ஃபைலோடு, கையில் ஊசி பிளாஸ்டரோடு நிற்பவரின் முகத்தை, தனியாகக் கேட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய எடுக்கக்கூடாது. “அப்பாவுக்கு ஆபரேஷன் எப்போண்ணா?” என்று அக்கா கேட்க, அவர் சொல்லும் பதில் காலர் மைக்கில் தெளிவாக விழுந்திருக்கும். அந்த இடத்தை வெட்டி, முன்பே பதிவு செய்து வைத்த தெரு ஒலியால் நிரப்பிவிடலாம். அதற்காகவே ஆள் பேசாத இரண்டு நிமிடத்தைத் தனியாக எடுத்து வைப்பது வழக்கம்.

பலரும் யோசிக்காதது, கியூஆர் பணப் பெட்டி. “நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்று அது நிமிடத்துக்கொரு முறை சொல்லும். இயல்பான ஒலிதான், இன்றைய தெருவின் ஒலியும்கூட. ஆனால் படத்தைப் பார்க்கும் உறவினரும் கடன் கொடுத்தவரும் அதைக் கூட்டிப் பார்க்கமுடியும். முதல் தொகுப்பை அவர் வீட்டில், குடும்பத்தோடு, முழுக்கப் போட்டுக் காட்டும்போது இதைக் குறிப்பாகக் கேளுங்கள். “அந்த ரூவா சத்தத்த மட்டும் எடுத்துடுங்க” என்று சொன்னால், தொகையை மட்டும் அமுக்கி மணி ஒலியை விட்டுவைக்கலாம்.

படம் முடிந்தபின்னும் காலர் மைக்கின் முழுப்பதிவு ஹார்ட் டிஸ்கில் இருக்கும். படத்தில் சேராத பேச்சுதான் அதில் அதிகம். அது எத்தனை மாதத்தில் அழிக்கப்படும், அதுவரை யாரிடம் இருக்கும் என்பதையும் அந்தச் சம்மதத் தாளிலேயே எழுதிவிடவேண்டும்.