நீல அட்டையை நம்பி உளுந்து வாங்கிய கதை

புரட்டாசிப் பட்டத்துக்கு ஒரு ஏக்கர் உளுந்து போட எட்டு கிலோ விதை வேண்டியிருந்தது. முகநூலில் வம்பன் 8 ரக உளுந்து என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கடை விலையைவிட மலிவு, சான்று விதைக்கு உரிய நீல அட்டையின் படமும் போட்டிருந்தார்கள். பணம் அனுப்பினேன், நாலு கிலோ பை இரண்டு வந்து சேர்ந்தது.

விதைத்து ஒரு வாரத்தில் வயல் சொட்டை சொட்டையாகத் தெரிந்தது. பாதிகூட முளைக்கவில்லை. மீதி இருந்த விதையையும் பையையும் தூக்கிக்கொண்டு விதை ஆய்வாளரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது ரசீது. என்னிடம் இருந்ததோ ஒரு தனிநபர் பெயருக்குப் பணம் போனதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்தான். "பிரிச்ச பையில இருந்து எடுத்த விதைய வச்சு யார் மேலயும் நடவடிக்கை எடுக்க முடியாதுங்க. ஒரு பையையாவது பிரிக்காம வச்சிருந்தீங்கன்னா நாங்களே மாதிரி எடுத்திருப்போம்" என்றார். வேண்டுமானால் என் தகவலுக்காக முளைப்புத்திறன் பார்க்கலாம் என்றார். பார்த்தேன், 41 சதவீதம். உளுந்துக்கு 75 ஆவது இருக்க வேண்டும்.

அட்டையின் லட்சணத்தையும் அவர்தான் காட்டினார். சான்று விதையில் நீல அட்டையும் உற்பத்தியாளரின் பச்சை அட்டையும் பை வாயோடு சேர்த்துத் தைக்கப்பட்டு முத்திரையோடு இருக்கும். இரண்டிலும் குவியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். என் பையில் நீலத் தாள் ஒன்று உள்ளே சும்மா கிடந்தது. பச்சை அட்டையே இல்லை.

விற்றவனைப் பிடித்துக் கேட்டபோது ஜிஎஸ்டி சான்று, உத்யம் சான்று, ஐஎஸ்ஓ சான்று என்று வரிசையாக அனுப்பினான். இதில் எதுவுமே விதை விற்கும் உரிமம் இல்லை. அதற்கு முன்பு எனக்கும் இது தெரியாது. ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் ஜவுளி வியாபாரம் என்று வந்தது! விதையோடு இலவசமாக வந்த பூச்சிக்கொல்லி பாட்டிலில் பதிவு எண்ணும் இல்லை, நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இல்லை. அதை நான் அடிக்கவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. பணம் இதுவரை வரவில்லை.

அடுத்த பட்டத்தில் இன்னொருவன் ஆமணக்கு விதை விளம்பரம் போட்டான். பணம் அனுப்பும் முன்பே விதை விற்பனை உரிமத்தின் படமும், ரகம், குவியல் எண், காலாவதித் தேதி எழுதிய ரசீதும் வேண்டும் என்று கேட்டேன். உரிமத்தில் இருக்கும் பெயரையும் முகவரியையும் அந்த மாவட்ட வேளாண் அலுவலகத்தில் விசாரிப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் என் எண்ணை முடக்கிவிட்டான்.

உளுந்தை இப்போது வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில்தான் வாங்குகிறேன். அங்கே வாங்கினாலும் நூறு விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் பார்க்கிறேன். போன தடவை 88 முளைத்தது.