மணாலியில் விழுந்து வால்பாறையில் எழுந்த கதை

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 7 வேண்டும். முதல் முறை எனக்குக் கிடைத்தது 6. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டிய பணம் போயிற்று. மற்ற மூன்று பாடங்களிலும் தப்பித்துவிட்டேன். கவிழ்த்தது பேச்சின் இரண்டாம் பகுதி, தேர்வாளர் தரும் அட்டையில் உள்ள தலைப்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது.

அட்டையில் வந்தது மறக்க முடியாத பயணம். எங்கே போனீர்கள், யாருடன், எப்படி, ஏன் மறக்க முடியவில்லை என்று நான்கு கேள்விகள். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். பயிற்சி மையத்தில் இதற்கென்றே ஒரு மணாலிப் பயணத்தை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். நான் மணாலியைப் பார்த்ததே இல்லை.

குறிப்பெடுக்கத் தரும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களாக எழுதத் தொடங்கி, இரண்டரை வாக்கியத்தில் நேரம் முடிந்தது. பேச்சில் மூன்றாவது வாக்கியம் மறந்தது. ஒப்பித்த பாடத்தில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததும் வராது. "வெல்", "லெட் மீ திங்க்" என்று மையத்தில் சொல்லிக்கொடுத்த நிரப்புச் சொற்களை நான்கு முறை போட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லாதபோது "யோசிக்கிறேன்" என்றால் யார் நம்புவார்கள்? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வாய் மூடிக்கொண்டது. இன்னும் ஏதாவது சொல்ல முடியுமா என்று தேர்வாளர் கேட்டார். பனி வெள்ளையாக இருந்தது என்றேன்.

பிறகுதான் பொதுவெளியில் இருக்கும் மதிப்பெண் விளக்க அட்டவணையைப் பொறுமையாகப் படித்தேன். தயங்குவது குற்றமில்லை. என்ன சொல்வது என்று யோசித்துத் தயங்கினால் உயர்ந்த மதிப்பெண்ணிலும் அதற்கு இடமுண்டு. ஆங்கிலச் சொல்லையோ இலக்கணத்தையோ தேடி அடிக்கடி நின்றால்தான் மதிப்பெண் சரிகிறது. ஆகவே நிரப்புச் சொல்லை, உண்மையிலேயே ஒன்றை நினைவுகூரும் இடத்தில்தான் வைக்க வேண்டும். அதற்கு நினைவு நம்முடையதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது முறைக்கு என் சொந்தப் பயணத்தை எடுத்தேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அம்மாவுடன் அரசுப் பேருந்தில் போனது. வழியில் மழை, மரம் விழுந்து பேருந்து நின்றது, பக்கத்து இருக்கைப் பாட்டி எல்லோருக்கும் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது இரண்டு குறைகள் தெரிந்தன. நாம் தமிழில் "அது வந்து" என்று இழுப்பதைப் போல, ஆங்கிலத்தில் "ஆக்சுவலி"யைப் பதினொரு முறை போட்டிருந்தேன். அதைவிட மோசம், பேருந்து நிலையத்தில் டிக்கெட் எடுத்ததிலேயே ஒரு நிமிடம் ஓடியிருந்தது.

அதனால் அளவை மாற்றினேன். எங்கே, யாருடன், எப்படி என்ற மூன்றும் சேர்ந்து அரை நிமிடம். மழையும் மலையேற்றமும் கால் நிமிடம். விழுந்த மரத்துக்கும் பாட்டிக்கும் முக்கால் நிமிடம். மீதி, ஏன் மறக்கவில்லை என்பதற்கு. அறைக்குள் கைக்கடிகாரம் அனுமதி இல்லை என்பதால், "மரத்தை அகற்றி முடித்தால் ஒன்றரை நிமிடம்" என்று கதையையே கடிகாரமாகப் பழக்கிக்கொண்டேன்.

தேர்வு நாளில் வந்த அட்டை அதே பயணம்தான் என்பது அதிர்ஷ்டம். தாளில் ஆறு சொற்கள் மட்டும் எழுதி, "மரம்" என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். ஓரத்தில் "இறந்தகாலம்" என்று எழுதிக்கொண்டேன். கதை சூடாகும்போது நிகழ்காலத்துக்குத் தாவுவது என் பழைய நோய்.

நடுவே ஒரு கண்டம். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் நாக்கில் நிற்கிறது, ஆங்கிலச் சொல் வரவில்லை. "அதை என்னவென்று சொல்வார்கள்... யு எழுத்தைப் போலச் சாலை திரும்பி, நாம் வந்த வழியே கீழே தெரியுமே, அது" என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுக் கடந்தேன். சொல் தெரியாதபோது அதைச் சுற்றிச் சொல்லத் தெரிவதற்கும் அந்த அட்டவணையில் மதிப்பு உண்டு. தேர்வாளர் தலையசைத்தார்.

அம்மா இன்றும் மழை வந்தால் இஞ்சி மிட்டாய் கேட்பார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தேர்வாளர் என்னை நிறுத்திவிட்டார். முதலில் திக்கென்றது. பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடம் ஆனால் யாரையும் நிறுத்துவார்கள், மதிப்பெண் குறையாது. மறுபடி பேருந்தில் அங்கே போவீர்களா என்று சின்னக் கேள்வி வந்தது. "போவேன், ஆனால் ஜன்னலோரம் கிடைத்தால்தான்" என்றேன். 7 வந்தது.

போன வாரம் எங்கள் மருத்துவமனையில் ஒரு தங்கை அதே பயிற்சி மையத்தில் சேர்ந்து, கையில் ஒரு தாளோடு வந்தாள். வாங்கிப் பார்த்தேன். அதே மணாலி, அதே பனி.