நோயெதிர்ப்பியலைத் திருப்பிப் படிக்க ஒரு மாதம்: என் வகுப்புக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாணவர்களுக்கு,

பருவத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும் நிலையில், சென்ற ஆண்டு உங்கள் சீனியர்கள் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் கையில் இருந்தது, கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆண்டுதோறும் விற்கப்படும் குறிப்புக் கட்டும் அதன் முதல் பக்கத்தில் இருந்த அட்டவணையும்தான். அந்த அட்டவணை பாடநூலின் அத்தியாயங்களை வரிசை மாறாமல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சமமான நாட்களை ஒதுக்கியிருந்தது. காம்ப்ளிமென்ட் புரதங்களின் மூன்று பாதைகளை மனப்பாடம் செய்வதிலேயே பலருக்கு இரண்டாவது வாரம் கரைந்தது. போதாக்குறைக்கு நவம்பர் மழையில் விடுமுறைகளும் வந்தன. இழந்த நாட்களை ஈடுகட்ட ஒரு நாள்கூட மிச்சமில்லாததால், மிகையுணர்வு வகைகள் கடைசி இரவுக்குத் தள்ளப்பட்டன.

மாதிரித் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் இதை வெளிச்சமிட்டுக் காட்டியது. ஆர்எச் நெகட்டிவ் தாயின் முதல் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை பெரும்பாலும் பாதிப்பின்றிப் பிறக்க, அடுத்த ஆர்எச் பாசிட்டிவ் குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் ஏன் அழிகின்றன என்று கேட்டிருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் 'இரண்டாம் வகை மிகையுணர்வு' என்று சரியாக எழுதிவிட்டு, காம்ப்ளிமென்ட் புரதங்கள் அணுக்களைத் துளைப்பதாக விளக்கியிருந்தார்கள். அந்தக் குறிப்பில் அப்படித்தான் இருந்தது, அது தவறு. ஆர்எச் ஆன்டிஜென் சிவப்பணுவின் மேல் இடைவெளி விட்டு அமைந்திருப்பதால், அதில் ஒட்டும் ஐஜிஜி மூலக்கூறுகள் காம்ப்ளிமென்டைத் தூண்டும் அளவுக்கு நெருங்கி அமைவதில்லை. ஐஜிஜி பூசப்பட்ட அணுக்களை மண்ணீரலின் மேக்ரோஃபேஜ்கள் விழுங்குவதே அழிவுக்கு முதன்மையான காரணம்.

அன்றே அட்டவணையைக் கிழித்துவிட்டு, இந்த ஒரே கேள்வியைப் பின்தொடர்ந்து எஞ்சிய நாட்களை அடுக்கினோம். நீங்கள் தொடக்கத்திலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் வகைகளையும் ஆன்டிஜென் எடுத்துக்காட்டலையும் மட்டும் படியுங்கள். ஐஜிஎம் நச்சுக்கொடியைக் கடப்பதில்லை, ஐஜிஜி அதற்கென உள்ள ஏற்பியின் துணையோடு கடக்கிறது என்பது பிடிபட்டால் கேள்வியின் பாதி திறந்துவிடும். முதல் குழந்தை தப்புவதற்கு முதலில் உருவாவது ஐஜிஎம் என்பதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். தாயின் உடலுக்குள் குழந்தையின் சிவப்பணுக்கள் கணிசமாக நுழைவது பெரும்பாலும் பிரசவத்தின்போதுதான் என்பதால், எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே குழந்தை வெளியே வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாம் வாரத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். இங்கே நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஆர்எச் ஆன்டிஜென் ஒரு புரதம். அதனால் பி லிம்போசைட்டு அதன் பெப்டைடுகளை எடுத்துக்காட்டி, உதவி டி லிம்போசைட்டின் துணையைப் பெற்று, ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜிக்கு மாறுகிறது, நினைவணுக்களும் மிஞ்சுகின்றன. ஏ, பி இரத்த வகை ஆன்டிஜென்கள் சர்க்கரைகள் என்பதால் அவற்றுக்கு எதிராக இயல்பாக இருப்பவை பெரும்பாலும் ஐஜிஎம். இந்த வேறுபாட்டை நூலை மூடிவைத்து வெற்றுத்தாளில் அம்புக்குறிகளோடு வரைய முடிகிறதா என்று பாருங்கள். 'டி லிம்போசைட்டு உதவுகிறது' என்ற இடத்தில் எதன் வழியாக என்று எழுதாமல் பேனா நின்றால், நீங்கள் மூன்றாம் வாரத்துக்குத் தயாராகவில்லை என்று பொருள்.

மூன்றாம் வாரம் காம்ப்ளிமென்டும் நான்கு மிகையுணர்வு வகைகளும். காம்ப்ளிமென்ட் பாதைகளை முழுப் பெயர்ப்பட்டியலாக அல்லாமல், அவை தொடங்கும் இடமும் ஒன்றுசேரும் இடமும் தெரியும்படி படித்தால் போதும். தடுப்பு ஊசியையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள்: பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் தாய்க்குத் தரப்படும் ஆர்எச் எதிர்ப்பொருள், அவர் தாமாகவே எதிர்ப்பொருள் உருவாக்குவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே உருவாகிவிட்ட தாய்க்கு அதனால் பயன் இல்லை. இதை மறைமுக கூம்ஸ் சோதனை தாயின் சீரத்தில் காட்டிவிடும். குழந்தையின் அணுக்களில் ஒட்டிய எதிர்ப்பொருளைக் காட்டுவது நேரடிச் சோதனை. சென்ற ஆண்டு இவ்விரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

உறுப்பு மாற்று, எலைசா போன்றவை இந்தக் கேள்வியின் பிடிக்குள் வராதவை. அவற்றை நான்காம் வாரத்தின் முதல் பாதியில் தனியாகப் படியுங்கள். பழைய வினாத்தாள்களுக்கு மறுபாதி. ஒவ்வொரு வாரமும் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள், மழை அதை எடுத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை உங்கள் திட்டத்தைக் கையெழுத்தில் கொண்டு வாருங்கள். நாட்களை மட்டும் குறிக்காமல், ஒவ்வொரு வாரக் கடைசியிலும் வெற்றுத்தாளில் எதை வரைந்து காட்டுவீர்கள் என்பதையும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை
சென்னை