அறுபது பேர் கேட்ட கிளைக்கணக்கு

பெருங்குடியில் உள்ள எங்கள் நிறுவனம் மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளைத் தயாரிக்கிறது. அதில் அடுத்து எந்த வசதியைச் செய்வது என்று முடிவெடுப்பது என் பொறுப்பு. விற்பனைக் குழு அனுப்பிய கோரிக்கைத் தாளில் அறுபது வாடிக்கையாளர்களின் பெயருக்கு எதிரே 'பல கிளைக் கணக்கு' என்றிருந்ததைக் கண்டதும், வேறு எதையும் பார்க்காமல், எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்த உதவும் ரைஸ் முறையில் மதிப்பெண் போட்டேன். பயன்பெறுவோர் 60, தாக்கம் 2, நம்பகம் 80 விழுக்காடு. இவற்றின் பெருக்கலை உழைப்பான ஆறு வாரத்தால் வகுக்க, 16 வந்தது. பட்டியலில் அதுவே முதலிடம்.

ஆறு வாரம் உழைத்து வெளியிட்ட வசதியை, ஒரு மாதம் கழித்தும் நான்கு கடைகள் மட்டுமே பயன்படுத்தின. அந்த மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.

கடைசியில், கோரிக்கை எழுதிய விற்பனைப் பிரதிநிதியையும் அழைத்துக்கொண்டு பாரிமுனையில் உள்ள ஒரு வன்பொருள் கடைக்குப் போனேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்துக்குள், போல்ட் இருப்பைப் பார்த்துவர ஒரு பையன் பின்தெருக் கிடங்குக்கு மூன்று முறை ஓடினான். "எனக்குக் கிளையெல்லாம் இல்ல தம்பி. குடோன்ல எத்தனை இருக்குன்னு கல்லாவுல உட்கார்ந்தே தெரியணும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். பிரதிநிதியும் இதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார். ஆனால் நான் வடிவமைத்த படிவத்தில் வசதிகளின் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். அதில் கிடங்கு என்ற சொல்லே இல்லாததால், நெருக்கமாகத் தெரிந்த கிளைக் கணக்கை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அறுபது பேரையும் தொலைபேசியில் அழைத்தோம். "என்ன வசதி வேண்டும்?" என்று கேட்காமல், "கடைசியாக எப்போது சிரமப்பட்டீர்கள், அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். நாற்பத்தைந்து பேருக்குக் கிடங்கு இருப்புதான் தேவை. உண்மையான கிளைகள் உள்ளவர்கள் ஏழு பேர். எட்டுப் பேர் கிடைக்கவில்லை. கிளைக் கணக்கின் மதிப்பெண் 2-க்கும் கீழே இறங்கியது. கிடங்கு இருப்புக்குத் தாக்கம் 1 என்று குறைத்தே போட்டும், ஒரு வார வேலை என்பதால் 36 வந்தது.

இப்போது படிவத்தில் தேர்வுப் பட்டியலே கிடையாது. வாடிக்கையாளர் சொன்ன வாக்கியம், இன்று அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார், ஏற்கெனவே பணம் கட்டுபவரா அல்லது பேச்சுவார்த்தையில் இருப்பவரா என்ற மூன்று கட்டங்கள் மட்டும் உள்ளன. மூன்றாவதைத் தவற விடாதீர்கள்: வாங்கும் முன் கேட்கப்படும் வசதி பல நேரம் விலை பேசுவதற்கான பிடியாக இருக்கும், அதை நான் தனியாக எண்ணுகிறேன். ஐந்து பேரிடமாவது நேரில் பேசாத கோரிக்கைக்கு நம்பகம் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் எங்கள் விதி.

கிடங்கு இருப்பு வெளியான மறுநாள் அந்தப் பிரதிநிதி எனக்குப் பாரிமுனையிலிருந்து பேசினார். பையன் கடையிலேயே உட்கார்ந்து பில் போடக் கற்றுக்கொண்டிருந்தானாம்.