அன்றைக்கே தெரியுமா?

"அன்னைக்கே தெரியுமா கண்ணு உனக்கு?"

"இல்லக்கா."

இந்த இரண்டு வரிகள்தான். அந்த அக்கா கேட்டதும் நான் சொன்னதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டன. கேட்டதில் கோபம் இல்லை, குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. ஆனாலும் என் பதில் பொய்யா உண்மையா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் இட்லிக் கடை வைத்திருப்பவர். நான் வேலை செய்யும் லேபுக்கு அவர் முதல் முறை வந்தது நகச் சுரண்டல் பரிசோதனைக்கு. வலது கையில் மூன்று நகங்கள், இடது கையில் இரண்டு, நுனியிலிருந்து பாதிவரை சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றன. சீட்டில் "நகப் பூஞ்சையா?" என்று மட்டும் எழுதியிருந்தது. நகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். தூக்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நகம் சதையோடு ஒட்டியிருக்கும் எல்லைக்குப் பக்கத்தில் கீழே படிந்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டினேன். நுனியில் எடுப்பதைவிட அங்கே எடுப்பதுதான் முறை. பூஞ்சை இருந்தால் உள்ளே முன்னேறிக்கொண்டிருக்கும் ஓரத்தில்தான் உயிரோடு இருக்கும். நுனித் தூளை மட்டும் எடுத்து "பூஞ்சை இல்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் நிறைய தவறாகப் போயிருக்கின்றன.

சுரண்டும்போது விரலை விளக்குக்கு அடியில் பிடித்திருந்தேன். அப்போது மோதிர விரலைப் பார்த்தேன். அந்த நகம் தூக்கவில்லை, நிறமும் மாறவில்லை. ஆனால் மேல்பரப்பில் ஊசி முனையால் ஆங்காங்கே குத்தியது போல் குழிகள். வரிசையாக இல்லை, ஆழமும் ஒரே மாதிரி இல்லை. பத்துக்கு மேலே இருக்கும். ஆள்காட்டி விரலில் நகம் தூக்கிய இடத்துக்கும் ஒட்டியிருந்த இடத்துக்கும் நடுவே செம்பழுப்பாக ஒரு கரை ஓடியது. நடுவிரலின் நகத்துக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்து ஊறினாற்போல் மஞ்சள் கலந்த ஒரு திட்டு.

இதையெல்லாம் பார்த்தேன் என்பது நிச்சயம். தெரியுமா என்று கேட்டால், அங்கேதான் சிக்கல்.

சாம்பிளை, நகத்தைக் கரைத்துப் பூஞ்சையைக் காட்டும் 20 சதவீத கேஓஎச் கரைசலில் போட்டு, ஈரம் காயாமல் மூடி வைத்தேன். தோல் என்றால் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். நகம் கெட்டி, அது கரைய மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் மறுநாள்தான். மறுநாள் ஸ்லைடில் ஈஸ்ட் செல்கள் தெரிந்தன. முட்டை வடிவில், சில மொட்டு விட்டபடி, இடையிடையே சங்கிலி போல நீண்ட போலி இழைகள். கல்ச்சரில் மூன்றாம் நாளே வெண்ணெய் நிறத்தில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வளர்ந்தது. கண்டதை அப்படியே எழுதினேன். அந்த ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை.

வாங்க வந்தபோது அக்கா கேட்டார், "ஏதோ இருக்குன்னு வந்துருச்சு. அப்ப மாத்திரை போட்டா சரியாயிரும்ல?"

"சரியாயிரும்க்கா" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

அந்த ரிப்போர்ட்டின்படி பூஞ்சைக்கான இட்ராகோனசோல் மாத்திரை கொடுத்தார்கள். மாதத்தில் ஒரு வாரம், இரண்டு வேளை. கை நகத்துக்கு இரண்டு மாதம் போதும் என்பது கணக்கு. நகம் மாறவில்லை என்று மூன்றாவது மாதமும் கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் மாறவில்லை. கை நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். அதனால் "பொறுங்க, நகம் வளரட்டும்" என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. பூஞ்சை நகத்தில் உண்மையிலேயே பொறுக்கத்தான் வேண்டும். இந்த நியாயமான பொறுமைக்குள்தான் மற்ற நோய் ஒளிந்துகொள்கிறது.

ஈஸ்ட் அங்கே இருந்தது உண்மை. ஆனால் அது வீட்டைக் கட்டியவனா, காலி வீட்டில் குடி புகுந்தவனா? நாள் முழுக்க அரிசி ஊறவைத்து, மாவு வழித்து, பாத்திரம் தேய்க்கும் கை. நகம் எந்தக் காரணத்தால் தூக்கியிருந்தாலும் அடியில் ஈரம் தேங்கும், ஈஸ்ட் வந்து தங்கும். மைக்ராஸ்கோப்பில் குடியிருப்பவன்தான் தெரிவான். யார் முதலில் வந்தது என்று தெரியாது.

அதைச் சொல்லக்கூடியவை அந்தக் குழிகள்தான். நகத்தின் வேர் தோல் மடிப்புக்கு உள்ளே இருக்கிறது. நகத்தின் மேல்அடுக்கு உருவாவது அதன் பின்பகுதியில். தோல் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் என்ற நோய் அங்கே இருந்தால், சரியாக முற்றாத செல்கள் கொத்துக் கொத்தாக நகத்தில் சேர்ந்து வெளியே வரும். அவற்றுக்குப் பிடிப்பு இல்லை. நகம் மடிப்பைத் தாண்டி வெளியே வந்ததும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடம்தான் குழி. அதாவது குழி வெளியே தெரிவதற்கு முன்பே, வேரில் உண்டானது. பூஞ்சை பெரும்பாலும் எதிர்ப்பக்கமிருந்து வரும். நுனியிலோ ஓரத்திலோ நுழைந்து, நகத்துக்கு அடியில் பின்னோக்கித் தின்றுகொண்டு போகும். அதன் முன்னோரம் ரம்பப் பல் போல, மஞ்சள் வெள்ளைக் கோடுகளாகக் குத்திக்கொண்டு நிற்கும். சொரியாசிஸில் அந்த எல்லை அவ்வளவு கிழிந்திருக்காது, செம்பழுப்புக் கரை ஒன்று கூடவே ஓடும். பூஞ்சைக்குக் கால் நகம்தான் அதிகம் பிடிக்கும். கை நகத்துக்கு வந்தால் பல நேரம் காலிலும் இருக்கும், விரலிடுக்கில் தோல் உரியும். இந்த அக்காவின் கால் நகங்கள் பளிச்சென்று இருந்தன.

நகத்தில் இருக்கும் வரிகளையோ ஒன்றிரண்டு குழிகளையோ வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. வயதானால் எல்லோருக்கும் நகத்தில் நெடுக்கு வரிகள் வரும், என் அம்மாவுக்கும் உண்டு. ஒன்றிரண்டு குழிகள் நோயே இல்லாதவர்களிடமும் இருக்கும். பல குழிகளும், செம்பழுப்புக் கரையும், எண்ணெய்ச் சொட்டும் ஒரே கையில் சேர்ந்து வந்தால் அது வேறு கதை. மூன்றும் அன்று நான் பிடித்திருந்த கையில் இருந்தன.

ஆறாவது மாதம் அக்கா மறுபடி வந்தார், இந்த முறை இரத்தம் கொடுக்க. முடக்கு வாதமா என்று பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்துக்கு அடுத்த மூட்டு வீங்கியிருந்தது. காலையில் மாவு வழிக்க விரல் மடங்கவில்லை என்றார். ரிசல்ட் நெகட்டிவ். சொரியாசிஸோடு வரும் மூட்டு வாதத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நோய் நகத்தைத் தொடுவதும் அந்த நுனி மூட்டைத் தொடுவதும் தற்செயல் இல்லை. மூட்டை நீட்டும் தசைநாரின் இழைகள் நகவேர் வரை போய்ப் பிடித்திருக்கின்றன. ஒன்றில் அழற்சி என்றால் மற்றது பக்கத்து வீடு.

அன்றுதான் வாய் திறந்தேன். "அக்கா, நகத்தைத் தோல் டாக்டர்கிட்ட மறுபடி காட்டுங்க. தலையையும் முழங்கையையும் சேர்த்துக் காட்டுங்க." தலையா, அது பொடுகுதானே என்றார். காதுக்குப் பின்னால் கை வைத்துத் தேய்த்தார். வெள்ளைச் செதில் தோளில் விழுந்தது. முதல் நாளும் அவர் அப்படித் தேய்த்ததாக எனக்கு ஒரு ஞாபகம். ஆனால் அது உண்மையான ஞாபகமா, பிறகு நான் சேர்த்துக்கொண்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சொரியாசிஸ்தான், மூட்டு வாதத்தோடு. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து தொடங்கினார்கள். வாரம் ஒருமுறைதான், தினமும் இல்லை என்று மருந்தகத்தில் கிழமையை வட்டம் போட்டுக் கொடுத்தார்களாம். நகத்துக்கு அடியில் ஹேர்பின் விட்டுத் தூள் எடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். சொரியாசிஸ் நகத்தைக் குத்தக் குத்த அது கூடும். அதைக் கேட்டதும் நான் சுரண்டியதும் ஞாபகம் வந்தது.

அன்று மருந்துச் சீட்டோடு லேப் வாசலில் நின்றுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் இல்லை என்றேன்.

என் பக்க நியாயமும் உண்டு. ஒரு நகத்தைப் பார்த்து நோயின் பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, படிப்பும் இல்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் எங்கள் மேடத்திடம் இதைச் சொன்னபோது, "நாம பார்க்கிறது ஸ்லைடு, ஆளை இல்லம்மா. பூஞ்சை இருந்துச்சு, எழுதினோம்" என்றார். சொரியாசிஸ் நகத்தில் பூஞ்சையும் சேர்ந்து இருக்கலாம் என்பதால் மருந்து கொடுத்ததே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சரிதான். ஆனால் சாம்பிள் எடுக்கும் அந்த ஐந்து நிமிடம் விளக்குக்கு அடியில் அந்த விரலைப் பிடித்திருந்தது நான் மட்டும்தான். வேறு யாரும் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அதைப் பார்க்கவில்லை.

அப்புறம் மேடமே ஒத்துக்கொண்டு, ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதத் தொடங்கினோம்: சாம்பிள் எடுக்கும்போது நகத்தில் குழிகள் காணப்பட்டன, சொரியாசிஸ் உள்ளதா எனப் பார்க்கவும். நான்காவதோ ஐந்தாவதோ ரிப்போர்ட்டில் அது இடித்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன். அவன் நகக் குழிகள் சின்னதாக, ஆழம் இல்லாமல், கோலப்புள்ளி போல வரிசையாக இருந்தன. எனக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியாது. அவனுக்கு இருந்தது புழுவெட்டு, தலைக்குப் பின்னால் காசு அளவில் முடி கொட்டியிருந்தது. இரண்டு வாரம் அந்த வீட்டில் சொரியாசிஸ் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவன் அப்பா என்னைத் தேடி வந்து, "நீங்கதான எழுதுனது?" என்று கேட்டார். இப்போது நோயின் பெயரை எழுதுவதில்லை. குழிகள், கரை, நிறம், எத்தனை விரல் என்று கண்டதை மட்டும் எழுதுகிறோம். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியாது. இட்லிக் கடை அக்காவுக்கு அப்படி ஒரு வரி எழுதியிருந்தாலும் யாராவது நின்று படித்திருப்பார்களா? படித்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது, இல்லை என்றும் தோன்றுகிறது. எனக்கு எந்தப் பதில் வசதியோ அன்றைக்கு அது.

போன மாதம் அக்கா கல்லீரல் டெஸ்ட்டுக்கு வந்தார், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது பார்ப்பார்கள். மேஜைமேல் கையை விரித்து வைத்து, "இப்பப் பாரு கண்ணு" என்றார். மடிப்பிலிருந்து பாதிவரை புது நகம், குழி இல்லாமல் வழவழப்பாக வந்திருந்தது. அதற்கு மேலே பழைய நகம் இன்னும் பெயர்ந்தபடி இருந்தது. ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். நடுவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கவில்லை. வலி இல்லை, மடங்கமாட்டேங்குது அவ்வளவுதான் என்றார். நான் டூர்னிக்கேயைக் கட்டி, அந்தக் கையை விட்டுவிட்டு மறு கையில் நரம்பு தேடினேன்.